அம்மாவுக்கு மறதி நோய்: அண்ணன் தம்பிகளுக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா என்று மருத்துவர் சொன்னதும் நாம் முதலில் எடுப்பது தொலைபேசியைத்தான். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறோம். ஒருவர் "வயதானால் மறதி வரத்தானே செய்யும்" என்கிறார், இன்னொருவர் அழுகிறார், மூன்றாமவர் வேறொரு மருத்துவமனையின் பெயரைச் சொல்கிறார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொருவர் தலையிலும் ஒவ்வொரு கதை இருக்கிறது. பராமரிப்பு முழுவதும் ஒருவர் தோளில் இருக்கிறது. இதைத் தவிர்க்க எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் போக வேண்டும்.

எங்கள் அம்மா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. 72 வயதில் அல்சைமர் வகை மறதி நோய் என்று தெரிந்தது. தஞ்சாவூரில் என்னோடு இருக்கிறார். அண்ணன் சென்னையில், தம்பி ஷார்ஜாவில், சித்தி திருச்சியில். அவர்களுக்கு எழுதிய கடிதத்தைப் பல முறை திருத்திய பிறகே, அதில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பது பிடிபட்டது. அதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். அம்மா இருக்கும் இடத்தில் அப்பாவையோ மாமியாரையோ வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1. எழுத உட்காரும் முன்: தாள்கள்

நோயின் பெயர் எழுதப்பட்ட தாள் கையில் இல்லாமல் கடிதத்தைத் தொடங்காதீர்கள். பல மருந்துச் சீட்டுகளில் மாத்திரையின் பெயர் மட்டும் இருக்கும். மருத்துவரிடம் மூன்று விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த வகை மறதி நோய், இப்போது எந்த நிலை, அடுத்து எப்போது பார்க்க வேண்டும். நரம்பியல், மனநலம், முதியோர் மருத்துவம் இவற்றில் எந்தத் துறை மருத்துவரும் இதைத் தரலாம்.

இதோடு மூளை ஸ்கேன் அறிக்கையும், தைராய்டு, வைட்டமின் பி12 இரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருக்க வேண்டும். இந்த இரண்டு பரிசோதனைகளையும் விட்டுவிட்டு யாராவது அவசரமாக நோயின் பெயரைச் சொல்லியிருந்தால், கடிதத்தைத் தள்ளிவையுங்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும் மறதியை உண்டாக்கும். சிகிச்சை செய்தால் சரியாகவும் கூடும். மனச்சோர்வும் அப்படித்தான். விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், மூளையின் மேல் மெல்ல இரத்தம் கட்டிக்கொண்டு இதே போன்ற தடுமாற்றத்தைத் தரும். அதை ஸ்கேன் காட்டிவிடும். "இதையெல்லாம் பார்த்துவிட்டார்கள், இவை இல்லை" என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால், "இன்னொரு டாக்டரிடம் காட்டலாமே" என்ற பேச்சில் பாதி அடங்கும். மீதிப் பாதிக்கு, அறிக்கைகளை ஸ்கேன் செய்து கடிதத்தோடு இணைத்துவிடுங்கள்.

2. யாருக்கு, எந்த வழியில்

முதலில் நோயாளியிடமே பேச வேண்டும். ஆரம்ப நிலையில் இருப்பவருக்குத் தன்னிடம் ஏதோ மாறுகிறது என்பது பெரும்பாலும் தெரியும். "உங்களுக்கு ஞாபகம் தடுமாறுவதற்குக் காரணம் ஒரு நோய் என்று டாக்டர் சொல்கிறார், அண்ணனிடமும் தம்பியிடமும் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். யாருக்குச் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னால் அதை மதியுங்கள். எங்கள் அம்மா தன்னோடு வேலை பார்த்த டீச்சர்களுக்குத் தெரிய வேண்டாம் என்றார். இன்றுவரை தெரியாது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவில் பெரும்பாலும் நோயாளியும் இருப்பார். மருமகனின் தங்கையும் இருப்பார். கணினியில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கி, முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு மட்டும் தனித்தனியாக, ஒரே மாலையில் அனுப்புங்கள். வயதான சித்தி, பெரியப்பாவுக்கு அச்சிட்டுத் தபாலில் போடுங்கள். குரல் பதிவு வேண்டாம். அதைத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

3. முதல் பத்தி: நோயை நோய் என்றே சொல்லுங்கள்

"கொஞ்சம் மறதி" என்று மென்மையாக்கினால் படிப்பவர் கொஞ்சம் மறதி என்றே எடுத்துக்கொள்வார். எங்கள் கடிதத்தின் தொடக்கம் இது:

> அன்புள்ள அண்ணாவுக்கும் தம்பிக்கும் சித்திக்கும்,
>
> அம்மாவுக்கு அல்சைமர் நோய், ஆரம்ப நிலை என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். இது வயதால் வரும் சாதாரண மறதி இல்லை. மூளையின் செல்கள் படிப்படியாக அழியும் நோய். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. இப்போது தரும் டொனெபெசில் மாத்திரை சிலருக்குச் சில காலம் தடுமாற்றத்தைக் குறைக்கும், நோயை நிறுத்தாது. எவ்வளவு வேகமாக முற்றும் என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. பல வருடங்கள் எடுக்கும் என்று வைத்துக்கொண்டு நாம் திட்டமிட வேண்டும்.

ஞாபகப் பரிசோதனை மதிப்பெண்ணை இந்தப் பத்தியில் எழுதாதீர்கள். "30க்கு 21" என்றதும் சிலர் அதைப் பள்ளித் தேர்வு போல எண்ணி, "பரவாயில்லையே, பாஸ்தானே" என்பார்கள். அந்த மதிப்பெண் படிப்பைப் பொறுத்து மாறும். ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் கணக்குப் போட்ட ஒருவர் நோய் வந்த பிறகும் கூடுதலாகவே வாங்கக்கூடும். இணைப்பில் அறிக்கை இருக்கட்டும், அது போதும்.

4. வீட்டில் நடப்பதை நடந்தபடி எழுதுங்கள்

கடிதத்திலேயே முக்கியமான இடம் இதுதான். தூரத்தில் இருப்பவருக்கு நம் மீது வரும் சந்தேகம் எப்போதும் ஒன்றே: "என்னிடம் நன்றாகத்தானே பேசினார்கள்?" அவர் சொல்வது பொய்யில்லை. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் பத்து நிமிடப் பேச்சைச் சமாளித்துவிடுவார்கள். "சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி, அங்கே வெயிலா" என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் நாக்கில் ஊறிய கேள்விகள். அவற்றைக் கேட்கப் புதிய ஞாபகம் தேவையில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் வந்து தங்குபவர் முன்னாலும் இப்படியே நடக்கும். வந்தவர் போன பிறகு அம்மா களைத்துப்போய் மறுநாள் இன்னும் மோசமாக இருப்பார். அதைப் பார்ப்பது கூடவே இருப்பவர் மட்டும்.

ஆகவே "ரொம்ப மறக்கிறாள்" என்று எழுதாமல் தேதியோடு எழுதுங்கள். மருத்துவரிடம் போவதற்கு முன்பே ஒரு நோட்டில் குறித்து வந்தால் அதிலிருந்து நான்கைந்தை எடுத்துக்கொள்ளலாம். நான் எழுதியது:

> செவ்வாய்க்கிழமை குக்கரில் அரிசி போட்டாள், தண்ணீர் ஊற்றவில்லை. கருகிய வாசனை வந்தபோது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. பென்ஷன் எடுக்க வங்கிக்குப் போனவள் செல்லானில் தேதி எழுதும் இடத்தில் நின்றுவிட்டாள். அவள் கையெழுத்து உங்களுக்குத் தெரியும், அச்சு போல இருக்கும். ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் இரண்டு முறை போட்டுக்கொண்டாள். மாலை ஐந்து மணிக்கு மேல் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறாள். அவள் சொல்வது பாபநாசத்தில் தாத்தா வீட்டை.

இதோடு ஒரு வேண்டுகோள் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்த முறை ஊருக்கு வரும் ஒவ்வொருவரும், பராமரிப்பவர் வீட்டில் இல்லாமல் குறைந்தது இரண்டு பகல் இரண்டு இரவு தனியாக அம்மாவோடு இருக்க வேண்டும். எந்த விளக்கமும் செய்யாததை அது செய்யும்.

நகைப் பழியையும் இங்கேயே எழுதிவிடுங்கள். பொருளை எங்கோ வைத்துவிட்டு, வைத்தது நினைவில்லாமல், "எடுத்துவிட்டார்கள்" என்று சொல்வது இந்த நோயில் மிகவும் சாதாரணம். பழி விழுவது பெரும்பாலும் அருகில் இருப்பவர் மீது, அதிலும் மருமகள் அல்லது வேலைக்கு வரும் பெண் மீது. தம்பியிடம் தொலைபேசியில் "உன் அக்கா என் செயினை எடுத்துக்கொண்டாள்" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் தரும் விளக்கம் எடுபடாது. முன்கூட்டியே சொல்லுங்கள்: இப்படி ஒரு பேச்சு வரும், வந்தால் வாதாடாமல் "தேடச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டு, எனக்குத் தெரிவியுங்கள். கூடவே, நகைகளை எல்லோரும் பார்க்கப் பட்டியலிட்டு, படம் எடுத்து, வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, அந்தப் பட்டியலையும் கடிதத்தோடு இணையுங்கள்.

5. பராமரிப்பு என்றால் என்ன வேலை

இதில் நீட்ட வேண்டாம். இன்றைய வேலை, வரப்போகும் வேலை என்று இரண்டு பத்தி போதும். இன்று: மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பது, அடுப்படியில் துணை நிற்பது, வெளியே தனியாக விடாதது, குளிக்க நினைவூட்டுவது. பிறகு: உடுத்திவிடுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, இரவில் எழுந்து நடப்பவரைப் பார்த்துக்கொள்வது, கடைசியில் ஊட்டிவிடுவதும் படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பதும்.

மருந்தைப் பற்றி ஒரு வரி தேவை. டொனெபெசில் வழக்கமாக 5 மி.கி. அளவில் தொடங்கி, ஒரு மாதத்துக்குப் பிறகு மருத்துவர் பார்த்து 10 மி.கி. ஆக்குவார். குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை வரலாம். சிலருக்கு இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரும். அப்படி வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தெரிந்தவர் சொன்னார் என்று தூக்க மாத்திரையோ சளி மருந்தோ யாரும் வாங்கி அனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாக எழுதுங்கள். அவற்றில் பல, குழப்பத்தை அதிகமாக்கும்.

இன்னொன்று. அல்சைமர் மெதுவாகத்தான் முற்றும். இரண்டே நாளில் பிதற்றல், மகனையே தெரியாத நிலை, பகல் முழுக்கத் தூக்கம் என்று ஆனால் அது பெரும்பாலும் நோய் முற்றியதாக இருக்காது; உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து போன்ற ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். சிகிச்சை செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவார். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் உறவினருக்கு இது தெரியாவிட்டால், "நோய் முற்றிவிட்டது" என்று சும்மா இருந்துவிடுவார்.

6. கையெழுத்துகள்: தேதி போட வேண்டிய பகுதி

கடிதத்தை உடனே எழுத வேண்டியதற்குக் காரணமே இந்தப் பகுதிதான். அம்மா புரிந்துகொண்டு கையெழுத்திடும் காலம் குறைவு. நோயின் பெயர் வந்ததாலேயே அந்தத் தகுதி போய்விடாது. எதில் கையெழுத்திடுகிறோம் என்று புரிந்து, அதைத் தன் வாயால் சொல்ல முடிந்தால் போதும். ஆனால் அடுத்த வருடமும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது.

இங்கே பலர் நம்பி ஏமாறுவது பவர் பத்திரம். "அக்கா பெயரில் ஒரு பவர் எழுதிவிட்டால் போதுமே" என்பார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்ததும் பவர் முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. அதாவது, எப்போது அது நமக்கு மிகவும் தேவைப்படுமோ அப்போது செல்லாது. இரண்டாவது பொறி, வங்கி நாமினி. நாமினிக்குப் பணம் வருவது கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு. அவர் உயிரோடு இருக்கும்போது மருத்துவச் செலவுக்கு ஒரு ரூபாய் எடுக்க நாமினிக்கு உரிமை இல்லை.

இப்போதே செய்ய வேண்டியவை மூன்று.

சேமிப்புக் கணக்கையும் வைப்புநிதியையும் இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுவது முதலாவது. இருவரும் ஆதார், பான் கார்டு, புகைப்படத்தோடு கிளைக்கு நேரில் போக வேண்டும். காலையில், கூட்டம் குறைந்த நாளில் போங்கள். மாலையில் குழப்பம் கூடும். பென்ஷன் வரும் கணக்கென்றால் யாரைச் சேர்க்கலாம் என்பதற்கு விதி உண்டு, வங்கியில் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது உயில். எழுதுபவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட, அவர்களும் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் மறதி நோய் என்று மருத்துவப் பதிவு இருக்கும்போது பின்னால் யாராவது வழக்குப் போட வாய்ப்பு அதிகம் என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவது நல்லது. அதே நாளில் அல்லது முந்தைய நாளில், "விஷயத்தைப் புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார்" என்று மருத்துவரிடம் சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். சொத்து பெறப்போகும் யாரும் சாட்சியாக நிற்க வேண்டாம். உயிலில் என்ன இருக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். உயில் எழுத நாள் குறித்திருக்கிறோம் என்பது மட்டும் போதும்.

மூன்றாவது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவரைத் தன் நியமனப் பிரதிநிதியாக எழுதித் தருவது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலே செல்லும். பின்னாளில் மருத்துவமனையில் "யார் முடிவெடுப்பது" என்ற தகராறு வராமல் காக்கும்.

இந்த மூன்றையும் விட்டுவிட்டால், அம்மாவின் நிதியைத் தொட நீதிமன்றம் மூலம் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டிவரும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது மதுரைக் கிளை உயர் நீதிமன்றம். வழக்கறிஞர் கட்டணம், மருத்துவக் குழு அறிக்கை, எல்லா வாரிசுகளின் சம்மதம், மாதக்கணக்கில் காத்திருப்பு. இதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதுங்கள்; வெளிநாட்டில் இருப்பவர் டிக்கெட் எடுப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணலும் உண்டு. கருவூலத்துக்கு அழைத்துப் போய் வரிசையில் நிற்கவைக்க வேண்டியதில்லை. தபால்காரர் வீட்டுக்கே வந்து மின்னணு உயிர்வாழ் சான்று எடுத்துத் தருகிறார்; கட்டணம் 70 ரூபாய். இதைச் செய்வது யார் பொறுப்பு என்று பெயர் போட்டுவிடுங்கள்.

7. பணம்: கணக்கைத் திறந்து காட்டுங்கள்

எங்கள் கடிதத்தில் இருந்த மாதக் கணக்கை மாதிரியாகத் தருகிறேன். ஊருக்கு ஊர் கூலி மாறும். உங்கள் ஊர் விலையை விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பென்ஷன் 34,000 ரூபாய். வீட்டுச் செலவில் அவர் பங்கு 9,000, மாத்திரைகள் 1,800, மருத்துவர் கட்டணமும் பரிசோதனையும் சராசரியாக 1,000, பகலில் வரும் பராமரிப்புப் பெண்ணுக்கு 14,000, அவசரத்துக்கு ஒதுக்குவது 5,000. ஆக 30,800. இப்போதைக்குப் பென்ஷன் தாங்குகிறது. இந்த வரியைப் படித்ததும் எல்லோருக்கும் நிம்மதி வரும். அங்கேயே நிறுத்திவிட்டால் இரண்டு வருடம் கழித்துப் பணம் கேட்பது கடினம். அதனால் அடுத்த நிலையின் கணக்கையும் உடனே கீழே போடுங்கள். இரவுக்கும் ஆள் வைத்தால் கூடுதலாக 16,000. பெரியவர்களுக்கான டயப்பர் நாளுக்கு மூன்று, ஒன்று 40 ரூபாய் என்றால் மாதம் 3,600. மொத்தம் 50,400. பற்றாக்குறை 16,400.

இந்தப் பற்றாக்குறையை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிப்பது நியாயமாகத் தோன்றும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கூட இருப்பவர் தன் இரவுகளையும் வேலையையும் கொடுக்கிறார். வெளியூரில் இருக்கும் இருவரும் ஆளுக்கு 8,200 தருவது என்று எழுதினேன். அண்ணன் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். எழுத்தில் இருந்ததால்தான் அது பேச்சாக ஆனது, சண்டையாக ஆகவில்லை. மாதம் ஐந்தாம் தேதிக்குள் ரசீதுகளைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவேன் என்பதையும் சேர்த்தேன்.

ஆள் அனுப்பும் ஏஜென்சியிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மறதி நோய் உள்ளவரை அந்தப் பெண் முன்பு பார்த்திருக்கிறாரா, அவர் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், முன்பணம் திரும்புமா. ஆதார் நகல் வாங்காமல் யாரையும் வீட்டில் விடாதீர்கள்.

8. "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று எழுதாதீர்கள்

ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒரு வேலையும் ஒரு தேதியும் வேண்டும். எங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி:

> அண்ணா, வங்கி வேலைக்கு இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் இரண்டு நாள் லீவு போட்டு வாருங்கள். தம்பி, நீ வரும்போதுதான் உயில் பதிவு. டிக்கெட் தேதியைச் சொன்னால் வழக்கறிஞரிடம் நாள் வாங்குகிறேன். அதுவரை தினமும் காலை பத்து மணிக்கு அம்மாவிடம் பேசு, மாலையில் வேண்டாம். "நான் யார் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்காதே, "அம்மா, நான் சின்னவன் பேசுகிறேன்" என்று நீயே தொடங்கு. சித்தி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் இங்கே வந்து இருங்கள். அந்த நாட்களில் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

அந்தக் கடைசி வரியை எழுதக் கூச்சமாக இருக்கும். எடுத்துவிடாதீர்கள். பராமரிப்பவர் படுத்துவிட்டால் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

9. அனுப்பிய பிறகு

பதில் வர ஒரு வாரம் கொடுங்கள். அதற்குள் வரும் முதல் பதில்களில் கோபமும் மறுப்பும் இருக்கும். அவற்றுக்கு உடனே பதில் எழுத வேண்டாம். வாரம் முடிந்ததும் எல்லோரையும் ஒரே வீடியோ அழைப்பில் சேர்த்து, மேலே 6, 7, 8இல் சொன்ன கையெழுத்துகள், பணம், யாருக்கு எந்த வேலை என்பவற்றை மட்டும் பேசுங்கள். அம்மா அந்த நேரத்தில் கோவிலிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கட்டும். அவர் அறையில் இருக்கும்போது அவரைப் பற்றி மற்றவர்களோடு பேசுவது அவருக்குப் புரியும். வார்த்தை மறந்தாலும் வருத்தம் தங்கிவிடும்.

நோயைப் பற்றிய சந்தேகங்களுக்கு உறவினர்கள் உங்களையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மறதி நோய்க்கென்று தனிச் சேவை நடத்துகிறது. இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416; இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இந்த எண்களைக் கடிதத்தின் அடியில் போடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே வடிவத்தில் புதிய கடிதம் அனுப்புங்கள். பழைய கணக்குக்குப் பக்கத்தில் புதிய கணக்கு இருக்கட்டும். அம்மா ஒரு முறை வழி தவறினாலோ, விழுந்தாலோ, இரவுத் தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே எழுதுங்கள், ஏனென்றால் இரவுக்கு ஆள் தேடத் தொடங்க வேண்டியது அப்போதுதான்.